பேரிங் பொருத்துதல்

பேரிங் பொருத்துதல் என்பது சுழலும் தண்டின் மீதோ, தண்டைத் தாங்கும் ஹவுசிங் எனப்படும் உறையின் துளைக்குள்ளோ ஒரு குண்டு பேரிங்கை இறுக்கமாக ஏற்றும் பணிமனைச் செயல் ஆகும். பேரிங்கின் துளை தண்டைவிட மிகச் சிறிதளவு குறைவாக இருப்பதால் அதைக் கையால் தள்ளி ஏற்ற முடியாது. விசை கொடுத்து அழுத்த வேண்டும், அல்லது சூடாக்கி விரியச் செய்ய வேண்டும். அழுத்தும் விசை பேரிங்கின் குண்டுகள் வழியாகப் போனால், ஒருமுறைகூட ஓடுவதற்கு முன்பே பேரிங் கெட்டுவிடும். ஆகவே பொருத்தும் முறைகள் அனைத்தும் ஒரே விதியில் அடங்கும்: எந்த வளையம் இறுக்கமாக உட்கார வேண்டுமோ, அந்த வளையத்தை மட்டுமே தள்ள வேண்டும்.

இக்கட்டுரை 6205 என்னும் எண்ணுள்ள பேரிங்கை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்குகிறது. 2 குதிரைத்திறன் அளவிலான மூன்று கட்ட மோட்டார்கள் பலவற்றில் இந்தப் பேரிங் உள்ளது. இதன் துளை விட்டம் 25 மி.மீ., வெளி விட்டம் 52 மி.மீ., அகலம் 15 மி.மீ. ஆகும்.

## அமைப்பும் விசை செல்லும் வழியும்

குண்டு பேரிங்கில் ஓர் உள்வளையம், ஒரு வெளிவளையம், இரண்டுக்கும் நடுவே எஃகுக் குண்டுகள், குண்டுகளைச் சம இடைவெளியில் வைத்திருக்கும் கூண்டு ஆகியவை உள்ளன. 6205 பேரிங்கில் பொதுவாக 9 குண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றின் விட்டமும் ஏறத்தாழ 7.9 மி.மீ. குண்டுகள் உருளும் பள்ளம் ஓடுதடம் எனப்படும்.

குண்டு ஓடுதடத்தைத் தொடும் பரப்பு மிகச் சிறியது. அதனால் சாதாரணச் சுமையிலேயே அந்த இடத்தில் பெரும் அழுத்தம் உண்டாகிறது. கடினப்படுத்தப்பட்ட எஃகு அதைத் தாங்கிக்கொண்டு மீண்டும் பழைய வடிவுக்கு வரும். ஆனால் ஓர் எல்லையைத் தாண்டினால் எஃகு மீளாது. குண்டு நின்ற இடத்தில் நிரந்தரமான குழி விழும். இதைப் பிரினெல் தழும்பு என்பர். ஓர் எஃகுக் குண்டைப் பரப்பில் அழுத்தி, விழும் குழியைக் கொண்டு உலோகத்தின் கடினத்தன்மையை அளக்கும் முறையை 1900ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய சுவீடன் நாட்டுப் பொறியாளர் யோகான் ஆகஸ்ட் பிரினெல்லின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. பேரிங்கைத் தவறாக அடிப்பவர் பிரினெல் சோதனையைத் தம் புதிய பேரிங்கின் மீதே செய்கிறார் எனலாம்.

6205 பேரிங் அசையாமல் நிற்கும்போது தாங்கக்கூடிய நிலைச்சுமை, தண்டுக்குக் குறுக்கான திசையில் சுமார் 7,800 நியூட்டன் என்று தயாரிப்பாளர்களின் பட்டியல்கள் குறிப்பிடுகின்றன. அந்தச் சுமையில் மிக அதிகம் அழுத்தப்படும் ஒற்றைக் குண்டின் பங்கு ஏறத்தாழ 4,300 நியூட்டன் வரும். ஒரு குண்டுக்கு அதுவே எல்லை. அந்த எல்லையில்கூட உண்டாகும் நிரந்தர உருமாற்றம் குண்டின் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இப்போது வெளிவளையத்தில் விசை கொடுத்து, உள்வளையத்தைத் தண்டில் ஏற்ற முயல்வதாகக் கொள்வோம். விசை வெளிவளையத்திலிருந்து குண்டுகளுக்கும், குண்டுகளிலிருந்து உள்வளையத்துக்கும் போயாக வேண்டும். வேறு வழி இல்லை. பக்கவாட்டில் தள்ளப்படும் குண்டு ஓடுதடத்தின் சரிவில் சிறிதளவு ஏறி, சுமார் 10 பாகைச் சாய்வில் ஆப்புப்போல் சிக்கிக்கொள்கிறது. ஆப்பின் தன்மையால் குண்டில் விழும் விசை, தள்ளும் விசையைப்போல ஐந்து ஆறு மடங்கு வரை பெருகும். இதுவே சேதத்தின் மூலகாரணம்.

## எந்த வளையம் இறுக்கமாக இருக்க வேண்டும்?

பெரும்பாலான மோட்டார்களில் தண்டு சுழல்கிறது. சுழலியின் எடையும் பெல்ட்டின் இழுப்பும் எப்போதும் ஒரே திசையில் இருக்கின்றன. இத்தகைய இடத்தில் சுழலும் உள்வளையம் தண்டில் இறுக்கமாகவும், நிற்கும் வெளிவளையம் ஹவுசிங்கில் சற்றே தளர்வாகவும் இருக்க வேண்டும்.

உள்வளையம் தளர்வாக இருந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தண்டைவிட வளையத்தின் துளை 0.02 மி.மீ. பெரிது என்று கொள்வோம். சுற்றளவில் அந்த வேறுபாடு 0.063 மி.மீ. ஆகும். தண்டு ஒருமுறை சுழலும்போது வளையம் அந்த அளவு பின்தங்கி நழுவும். நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டாரில் இது நிமிடத்துக்கு 90 மி.மீ. நழுவல். இந்த ஓயாத நழுவல் தண்டைத் தேய்த்து, பழுப்பு நிறத் துகளை உண்டாக்கி, இடைவெளியை மேலும் பெரிதாக்கும்.

மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தில் நிலைமை தலைகீழ். அங்கே அச்சு நிற்கிறது, சக்கரம் சுழல்கிறது. ஆகவே வெளிவளையம் சக்கரத்தின் துளையில் இறுக்கமாகவும், உள்வளையம் அச்சில் தளர்வாகவும் இருக்கும். அழுத்தத் தொடங்கும் முன் எந்த வளையம் இறுக்கம் என்பதை முடிவுசெய்துகொள்வது இதனால்தான் முதல் வேலையாகிறது.

## அளவுகள்

6205 பேரிங்கின் துளை எழுத்தில் 25 மி.மீ. என்றாலும், சாதாரணத் தரத்தில் அது 24.990 முதல் 25.000 மி.மீ. வரை இருக்கலாம். மோட்டார் தண்டுக்குப் பரவலாகப் பயன்படும் கே5 என்னும் பொருத்தத் தரத்தில் தண்டின் விட்டம் 25.002 முதல் 25.011 மி.மீ. வரை இருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒப்பிட்டால், தண்டு துளையைவிடக் குறைந்தது 2 மைக்ரானும் அதிக அளவாக 21 மைக்ரானும் பெரிதாக இருக்கும். இந்த வேறுபாடே இறுக்கம். தலைமுடியின் பருமன் பொதுவாக 50 மைக்ரானுக்கு மேல் என்பதை நினைத்தால் இது எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

ஹவுசிங் பக்கம் எச்7 என்னும் தரத்தில் துளை 52.000 முதல் 52.030 மி.மீ. வரை இருக்கும். பேரிங்கின் வெளி விட்டம் 51.987 முதல் 52.000 வரை. எனவே அங்கே இறுக்கம் இல்லை. கையால் தள்ளினாலே உள்ளே போகும்.

தண்டில் இறுக்கம் கூடினால் இன்னும் நல்லது என்று எண்ணுவது தவறு. தண்டு உள்வளையத்தை விரிக்கிறது. அந்த விரிவில் முக்கால் பங்குக்கு மேல் ஓடுதடத்துக்கும் போய்ச் சேர்கிறது. இதனால் குண்டுகளுக்கும் வளையங்களுக்கும் இடையே தயாரிப்பாளர் விட்டுள்ள சிறு இடைவெளி குறைகிறது. 6205 பேரிங்கில் அந்த இடைவெளி சாதாரண வகையில் 5 முதல் 20 மைக்ரான் வரையிலும், சி3 என்று குறியிட்ட வகையில் 13 முதல் 28 மைக்ரான் வரையிலும் இருக்கும். மோட்டார் சூடாகும்போது உள்வளையம் மேலும் விரியும் என்பதால் பல மோட்டார்களில் சி3 வகை பயன்படுகிறது. மோட்டாரில் சி3 இருந்த இடத்தில் சாதாரண வகையைப் போட்டால், எவ்வளவு நன்றாக அழுத்தினாலும் பேரிங் சூடாகி ஒலிக்கக்கூடும்.

## எவ்வளவு விசை தேவை?

இறுக்கத்தால் தண்டுக்கும் வளையத்துக்கும் இடையே உண்டாகும் அழுத்தத்தையும், ஏற்றத் தேவையான விசையையும் கீழ்க்கண்ட சமன்பாடுகளால் மதிப்பிடலாம்.

p = E · δ / (2d) · (1 − (d/D)²)

F = μ · p · π · d · B

இங்கே E எஃகின் மீட்சிக் கெழு (206,000 நியூட்டன்/சதுர மி.மீ.), δ இறுக்கம், d தண்டின் விட்டம், D உள்வளையத்தின் சராசரி வெளி விட்டம், B அகலம், μ உராய்வுக் கெழு. 6205 பேரிங்குக்கு D ஏறத்தாழ 32 மி.மீ. என்றும், எண்ணெய் தடவிய பரப்புக்கு μ 0.12 என்றும் கொள்ளலாம்.

இறுக்கம் நடுவளவான 12 மைக்ரானாக இருந்தால் p சுமார் 19 நியூட்டன்/சதுர மி.மீ. வருகிறது. தொடும் பரப்பு 1,178 சதுர மி.மீ. ஆகவே விசை சுமார் 2,700 நியூட்டன். அதாவது ஏறத்தாழ 275 கிலோ எடை. இறுக்கம் 2 மைக்ரான் மட்டும் என்றால் 46 கிலோ எடை போதும். 21 மைக்ரான் என்றால் 485 கிலோ எடை வேண்டும். ஒரு டன் திறனுள்ள கைப்பிரஸ் எல்லாவற்றுக்கும் போதுமானது.

இந்த 2,700 நியூட்டன் விசை 9 குண்டுகள் வழியாகச் சமமாகப் போனால், ஒரு குண்டுக்கு 300 நியூட்டன். ஆப்பு விளைவால் அது சுமார் 1,700 நியூட்டனாகும். 4,300 என்னும் எல்லைக்குள் இருப்பதால், மெதுவாகவும் மிக நேராகவும் அழுத்தினால் பேரிங் தப்பிக்கக்கூடும். தவறான முறையில் போட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று சிலர் சொல்வதற்கு இதுவே காரணம்.

சுத்தியலில் கதை வேறு. ஒரு கிலோ சுத்தியல் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்து, ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், சராசரி விசை 6,000 நியூட்டன். அது வெளிவளையத்தின் ஒரு விளிம்பில் விழும்போது வளையம் சாய்ந்து, அருகிலுள்ள இரண்டு குண்டுகளே சுமையைத் தாங்கும். ஆப்பு விளைவையும் சேர்த்தால் ஒரு குண்டுக்கு எல்லையைப்போலப் பல மடங்கு விசை வருகிறது. தழும்பு விழுவதற்கு அந்த ஓர் அடி போதும்.

## தண்டில் அழுத்தும் முறை

தண்டைச் சோதித்தல்: பேரிங் உட்காரும் இடத்தைத் துடைத்து, மைக்ரோமீட்டரால் இரண்டு இடங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். நான்கு அளவுகளும் 25.002 முதல் 25.011 மி.மீ.க்குள் இருந்தால் தண்டு சரியானது. சாவிக்காடியின் ஓரத்திலோ படியின் முனையிலோ பிசிறு இருந்தால் மெல்லிய எண்ணெய்க்கல்லால் நீக்க வேண்டும். உப்புத்தாளைத் தண்டில் சுற்றித் தேய்த்தால் அளவு குறைந்துபோகும்.

தண்டு தேய்ந்து தளர்ந்திருந்தால், பஞ்சால் புள்ளிகள் குத்தி இறுக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. புள்ளிகளின் மேடுகள் வளையத்தைச் சில இடங்களில் மட்டும் தாங்குவதால் வளையம் வட்டம் கெடும். சில நாளில் மேடுகள் நசுங்கி மீண்டும் தளரும். உலோகம் ஏற்றி லேத்தில் கடைந்து சரியான அளவுக்குக் கொண்டுவருவதே இதற்குத் தீர்வு.

குழாயைத் தயார்செய்தல்: விசையை உள்வளையத்துக்கு மட்டும் கொண்டுசெல்ல ஒரு குழாய்த்துண்டு வேண்டும். அதன் உள் விட்டம் 25.5 மி.மீ., வெளி விட்டம் 30 மி.மீ. அளவில் இருக்கலாம். அதற்கு மேல் பெரிதானால் பேரிங்கின் ரப்பர் மூடியில் படும். இரு முனைகளும் லேத்தில் செங்குத்தாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். ஹாக்ஸாவால் அறுத்த குழாயின் முனை சாய்ந்திருக்கும். அது பேரிங்கையும் சாய்த்துவிடும். குழாய்க்குள் துருவோ தூளோ இருந்தால் அது பேரிங்கில் விழும் என்பதால் துடைத்துப் பார்க்க வேண்டும்.

அழுத்துதல்: பேரிங்கை அதன் காகித உறையிலிருந்து இந்த நேரத்தில்தான் எடுக்க வேண்டும். தண்டில் மெல்லிய எண்ணெய் தடவி, பேரிங்கைக் கையால் முனையில் நேராக வைத்து, அதன் மேல் குழாயை நிறுத்தி, பிரஸ்ஸின் தலையை மெதுவாக இறக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று மி.மீ. மிக முக்கியமானவை. அந்த நிலையில் நிறுத்தி, பேரிங்கின் முகத்துக்கும் தண்டின் படிக்கும் உள்ள தூரத்தைச் சுற்றிலும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் குறைவாக இருந்தால் பேரிங் சாய்ந்துள்ளது. அதைக் கழற்றி மறுபடி தொடங்க வேண்டும். எதிர்ப்பக்கத்தை அழுத்தி நிமிர்த்த முயன்றால் வளையத்தின் ஓரம் தண்டைச் சீவிவிடும்.

நேராக ஏறும் பேரிங்கில் தொடும் பரப்பு கூடக்கூட விசையும் சீராகக் கூடிக்கொண்டே வரும். நடுவழியில் விசை திடீரென்று ஏறினால் பிசிறோ சாய்வோ இருக்கிறது என்று பொருள். கடைசியில் வளையம் தண்டின் படியில் முட்டும்போது கைப்பிடி ஒரேயடியாகக் கெட்டியாகும். அத்துடன் நிறுத்திவிட வேண்டும். 0.03 மி.மீ. தடிமனுள்ள ஃபீலர் தகடு படிக்கும் வளையத்துக்கும் இடையில் எந்த இடத்திலும் நுழையாவிட்டால் பேரிங் சரியாக உட்கார்ந்துவிட்டது.

பிரஸ் இல்லாத இடத்தில் அதே குழாயை வைத்து, அதன் மேல்முனையில் தட்டையான மூடி போட்டு, மூடியின் நடுவில் சுத்தியலால் சிறு அடிகளாகத் தட்டலாம். விசை உள்வளையம் வழியாகவே போவதால் குண்டுகளுக்கு அடி விழாது. உளியையோ பஞ்சையோ வளையத்தின் மேல் வைத்துச் சுற்றிச் சுற்றி அடிப்பது இதற்கு ஈடாகாது. ஒவ்வோர் அடியும் ஒரு பக்கத்தில் விழும். முனை வழுக்கினால் கூண்டு வளையும்.

## ஹவுசிங்கில் அழுத்தும் முறை

வெளிவளையம் இறுக்கமாக இருக்க வேண்டிய சக்கரம் போன்ற இடங்களில் வெளிவளையத்தை மட்டும் தள்ள வேண்டும். 52 மி.மீ. துளைக்கு 51.5 மி.மீ. வெளி விட்டமும் 47 மி.மீ. உள் விட்டமும் உள்ள குழாய் ஏற்றது. பழைய பேரிங்கின் வெளிவளையத்தையே இதற்குப் பயன்படுத்துவோர் உண்டு. அதன் வெளிப்பரப்பை அரைமில்லி அளவு அரைத்துச் சிறிதாக்கிக்கொண்டால், துளைக்குள் மாட்டிக்கொள்ளாமல் திரும்ப வரும்.

பிரஸ்ஸில் வைக்க முடியாத பெரிய உறைக்கு நீண்ட போல்ட், நட்டு, இரண்டு தடித்த வட்டத்தகடுகள் போதும். ஒரு தகடு வெளிவளையத்தைத் தொடும்; மற்றது உறையின் பின்பக்கத்தில் தாங்கும். நட்டைத் திருகத் திருக பேரிங் உள்ளே இழுக்கப்படும். இம்முறையில் விசை மெதுவாகவும் நடுவிலும் வருவதால் சாய்வு குறைவு.

சில இடங்களில் பேரிங்கைத் தண்டிலும் ஹவுசிங்கிலும் ஒரே நேரத்தில் ஏற்ற நேரும். அப்போது இரு வளையங்களின் முகங்களையும் ஒருசேரத் தொடும் தட்டையான தகடு வேண்டும். இரண்டு வளையங்களும் சேர்ந்தே நகர்வதால் குண்டுகள் வழியாக விசை போவதில்லை.

## சூடாக்கி ஏற்றுதல்

எஃகு ஒரு பாகை வெப்பத்துக்கு ஒரு மீட்டரில் 12 மைக்ரான் விரிகிறது. 30 பாகை செல்சியசிலிருந்து 110 பாகைக்குச் சூடாக்கினால் 25 மி.மீ. துளை 24 மைக்ரான் விரியும். அது மேற்சொன்ன அதிகபட்ச இறுக்கமான 21 மைக்ரானைவிட அதிகம் என்பதால் பேரிங் விசையே இல்லாமல் தண்டில் வழுக்கி ஏறும்.

ஆனால் இருபுறமும் மூடி வைத்து உள்ளே கிரீஸ் நிரப்பிய பேரிங்கை 80 பாகைக்கு மேல் சூடாக்கக் கூடாது. அந்த வெப்பத்தில் விரிவு 15 மைக்ரான் மட்டுமே. தண்டு மேல் எல்லையில் இருந்தால் பேரிங் பாதியில் சிக்கிக்கொள்ளும். மூடிய சிறு பேரிங்குகளுக்கு அழுத்தும் முறையே பொருந்துவது இதனால்தான். மூடியில்லாத பேரிங்குகளுக்கும், பெரிய பேரிங்குகளுக்கும் சூடாக்கும் முறை ஏற்றது.

சூடாக்க இண்டக்‌ஷன் ஹீட்டர் சிறந்தது. எண்ணெய்ச் சட்டியில் சூடாக்கினால் பேரிங் சட்டியின் அடியைத் தொடாமல் வலையின் மேல் இருக்க வேண்டும்; எண்ணெய் சுத்தமாக இருக்க வேண்டும். கேஸ் தீயை நேரடியாகக் காட்டினால் ஓரிடத்தில் மட்டும் வெப்பம் ஏறி எஃகு தன் கடினத்தை இழக்கும். வளையத்தில் வைக்கோல் நிறமோ நீலமோ தெரிந்தால் அந்தப் பேரிங் பயனற்றது. ஏற்றிய பின் பேரிங் ஆறும்வரை அதைப் படியோடு அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிரும்போது அகலமும் சுருங்கி, படிக்கும் வளையத்துக்கும் இடையே இடைவெளி விழும்.

## மூடியைப் பூட்டும்போது நேரும் தவறு

பேரிங்கைக் குழாய் வைத்து முறையாக ஏற்றியவர்களும் அடுத்த கட்டத்தில் தவறுவது உண்டு. சுழலியைச் சட்டகத்துக்குள் வைத்த பிறகு, மோட்டாரின் பக்கமூடியைப் பேரிங்கின் மேல் பொருத்த வேண்டும். மூடி எளிதில் உட்காராதபோது அதன் நடுவில் சுத்தியலால் அடிப்பது வழக்கம். மூடியின் துளை வெளிவளையத்தைப் பற்றியிருந்தால், அந்த அடி வெளிவளையம், குண்டுகள், உள்வளையம், தண்டு என்ற வரிசையில் மறுமுனைப் பேரிங்வரை செல்லும். தவிர்க்கப்பட்ட பாதையே மறுபடியும் திறந்துவிடுகிறது. இம்முறை ஒரே அடியில் இரண்டு பேரிங்குகளும் அகப்படுகின்றன.

எச்7 தரத் துளையில் மூடி கையழுத்தத்தில் உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் காரணம் இருக்கும்: துளையில் பழைய துரு, பெயிண்ட், பிசிறு, அல்லது மூடி சாய்ந்திருத்தல். காரணத்தை நீக்கிய பின், போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொரு முறையும் கால் சுற்று வீதம் இறுக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் தண்டைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். சுழற்சி கனத்தால் அங்கேயே நிறுத்திச் சரிபார்க்க வேண்டும்.

## சேதத்தை அறிதல்

பொருத்திய உடனே தண்டை விரலால் மிக மெதுவாகச் சுழற்றினால், நல்ல பேரிங் கிரீஸின் தடையை மட்டும் காட்டும். தழும்புள்ள பேரிங்கில் சீரான இடைவெளியில் சிறு தட்டுப்பாடு விரலுக்குத் தெரியும். மிகச் சிறிய தழும்பு கைக்குத் தெரியாது. மோட்டார் ஓடும்போது ஒலியாக வெளிப்படும். 6205 பேரிங்கின் வெளிவளையத்தில் உள்ள ஒரு குழியை, தண்டு ஒருமுறை சுழலும்போது குண்டுகள் சுமார் 3.58 முறை கடக்கின்றன. உள்வளையத்துக்கு அது 5.42 முறை. தண்டு விநாடிக்கு 24 சுற்று ஓடினால் வெளிவளையக் குழி விநாடிக்கு 86 முறையும், உள்வளையக் குழி 130 முறையும் தட்டும். அதிர்வை அளக்கும் கருவியில் இந்த அலைவெண்கள் தெரிந்தால் எந்த வளையத்தில் பழுது என்பதைப் பிரிக்காமலே சொல்லலாம்.

பேரிங்கை அறுத்துப் பார்த்தால் தழும்பின் இடமே காரணத்தைச் சொல்லும். பொருத்தும்போது உண்டான தழும்புகள் குண்டுகளின் இடைவெளியிலேயே இருக்கும். ஓடுதடத்தின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கச் சரிவில் இருக்கும். வெளிவளையத்தைத் தள்ளி ஏற்றிய பேரிங்கில், வெளிவளையத் தழும்பு தள்ளிய பக்கத்திலும் உள்வளையத் தழும்பு அதற்கு எதிர்ப்பக்கத்திலும் அமையும். விசை குறுக்கே கடந்து போனதன் அடையாளம் இது.

ஓடாமல் நிற்கும் இயந்திரம் அருகிலுள்ள அதிர்வால் நடுங்கும்போதும் குண்டுகளின் இடைவெளியில் பள்ளங்கள் விழுவது உண்டு. அது உராய்ந்து தேய்வதால் உண்டாகும் வேறு வகைச் சேதம். போலித் தழும்பு எனலாம். அதில் பள்ளத்தின் அடிப்பரப்பு மங்கியோ செம்பழுப்பாகவோ இருக்கும். அழுத்தத்தால் விழுந்த உண்மைத் தழும்பில், வளையத்தைத் தயாரிக்கும்போது உண்டான மெல்லிய மெருகுக் கோடுகள் குழிக்குள்ளும் தொடர்ந்து தெரியும். அங்கே உலோகம் தேயவில்லை, நசுங்கியிருக்கிறது.

## கழற்றிய பேரிங்

கழற்றும்போதும் அதே விதிதான். தண்டில் இறுக்கமாக உள்ள பேரிங்கைக் கழற்ற, புல்லரின் கால்கள் உள்வளையத்தின் பின்னால் பிடிக்க வேண்டும். பல மோட்டார்களில் அங்கே கால் நுழைய இடம் இருக்காது. வெளிவளையத்தைப் பிடித்தே இழுக்க நேரும். கழற்றும் விசை பொதுவாக ஏற்றும் விசையைவிட அதிகம் என்பதால், அப்படி இழுத்த பேரிங் கைக்கு நன்றாகச் சுழன்றாலும் அதை மீண்டும் போடக் கூடாது. காயில் கட்டுவதற்காக மட்டும் பிரித்த மோட்டாரில் பழைய பேரிங் நல்ல நிலையில் இருந்தால், அதைத் தண்டிலேயே விட்டு, தூசி படாமல் சுத்தமான துணியால் மூடி வைக்கலாம்.